குழியில் ஒட்டிய மாவு: இரும்புப் பணியாரக்கல்லைச் சுத்தம் செய்து மறுபடி பழக்குவது எப்படி?

பணியாரம் குழியை விட்டுக் கிளம்ப மாட்டேன் என்கிறது. குச்சியை விட்டு நெம்பினால் மேல்பாதி கையோடு வருகிறது, அடிப்பாதி கல்லோடு நின்றுவிடுகிறது. அதன் மேலேயே அடுத்த ஈடு ஊற்றினால் அதுவும் ஒட்டுகிறது. மூன்றாவது ஈட்டில் குழிக்குள் கருகல், மாவு, எண்ணெய்ப் பிசுக்கு மூன்றும் கலந்து ஒரே கட்டியாகிவிடுகிறது. பெரும்பாலான வீடுகளில் அந்தக் கல் அன்றிரவு தொட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறப்போடப்படும். மறுநாள் கம்பி நாரும் சோப்பும் போட்டுத் தேய்க்கப்படும். ஈரத்தோடு கவிழ்த்து வைத்த கல்லில் மாலைக்குள் செந்துரு பூக்கும். அதன்பின் அது பரணுக்குப் போகும். கடையிலிருந்து நான்ஸ்டிக் சட்டி வரும்.

இதில் கல்லின் மேல் குற்றம் எதுவும் இல்லை. வார்ப்பிரும்பு அவ்வளவு எளிதில் கெட்டுப்போகிற பொருள் அல்ல. உடையாமலும் விரிசல் விடாமலும் இருந்தால் எந்த நிலையிலிருந்தும் அதை மீட்டுவிடலாம். ஒட்டியதை நல்ல படலம் சிதையாமல் எடுக்க வேண்டும், பிறகு எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசிச் சூட்டில் இறுக வைக்க வேண்டும். தோசைக்கல்லுக்கும் இதே வேலைதான். ஆனால் பணியாரக்கல்லில் இருப்பவை குழிகள். தட்டையான கல்லில் தடவிய எண்ணெய் தடவிய இடத்திலேயே நிற்கும். குழியில் அது வழிந்து அடியில் போய்த் தேங்கும். பணியாரக்கல்லைப் பழக்குவதில் வருகிற தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு காரணத்தால் வருபவை.

எது நல்ல கறுப்பு, எது கெட்ட கறுப்பு?

முதலில் கல் இரும்புதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இங்கே சொல்லும் முறை வார்ப்பிரும்புக்கு மட்டுமே பொருந்தும். அலுமினியத்திலும் மாக்கல்லிலும் நான்ஸ்டிக் பூச்சோடும் பணியாரச் சட்டிகள் கிடைக்கின்றன. காந்தத்தை வைத்துப் பாருங்கள். சட்டென்று ஒட்டிக்கொண்டு, தூக்கினால் அளவுக்கு மீறிய கனமும் இருந்தால் அது இரும்பு. அலுமினியத்திலும் மாக்கல்லிலும் காந்தம் ஒட்டாது.

அடுத்ததாகக் குழிக்குள் இருக்கும் கறுப்பை அடையாளம் காண வேண்டும். நன்றாகப் பழகிய கல்லின் குழியில் கறுப்பு வழவழப்பாக, லேசான மினுமினுப்போடு இருக்கும். நகத்தால் சுரண்டினால் பெயராது, விரலில் ஒட்டாது. இது எண்ணெய் சூட்டில் இறுகி உண்டான படலம். சமையல் எண்ணெய்களில் சில, மெல்லியதாகப் பரவிச் சூடேறும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகிவிடுகின்றன. அப்படிக் கெட்டியானது பிறகு திரும்ப எண்ணெயாக உருகாது. கதவுக்கு அடித்த வார்னிஷ் உலர்ந்து இறுகுவதும் இதே வகை மாற்றம்தான்.

கெட்ட கறுப்பு வேறு மாதிரி இருக்கும். அது மேடும் பள்ளமுமாக, மினுமினுப்பே இல்லாமல், கரித்தூள் போலத் தெரியும். விளிம்பில் நெம்பினால் சில்லாகப் பெயரும். இது கருகிய மாவு. இன்னொன்று, தொட்டால் பிசுபிசுவென்று விரலைப் பிடிக்கும் பழுப்புப் படிவு. இது அரைகுறையாக இறுகிய எண்ணெய். குழியின் அடியில்தான் பெரும்பாலும் இருக்கும். வெள்ளைத் துணியால் குழியை ஒருமுறை அழுத்தித் துடைத்துப் பார்த்தால் நிலைமை விளங்கிவிடும். துணியில் கறுப்புத் தூள் வந்தால் கருகல். செம்மண் நிறம் வந்தால் துரு. துணியே குழியில் ஒட்டி இழுத்தால் எண்ணெய்ப் பிசுக்கு. துணி சுத்தமாக வந்தால் அந்தக் குழியைத் தொட வேண்டாம். ஏழு குழிக் கல்லில் மூன்று குழி நன்றாக இருந்தால் அந்த மூன்றையும் அப்படியே விட்டு மற்ற நான்கை மட்டும் சுத்தம் செய்தால் போதும்.

பச்சை மாவும் வெந்த மாவும்

ஒட்டியிருப்பது காரப் பணியார மாவு என்றால் வேலை எளிது. அரிசி, உளுந்து மாவு காய்ந்து கல்லானது போலத் தோன்றினாலும் சுடுதண்ணீர் பட்டதும் ஈரத்தை இழுத்து ஊதிக்கொள்ளும். அதற்குத் தேவை சூடும் ஈரமும் கொஞ்சம் நேரமும்தான்.

கல் இளஞ்சூடாக இருக்கும்போதே தொடங்குவது நல்லது. ஆறிப்போயிருந்தால் அடுப்பில் வைத்துச் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் சூடாக்குங்கள். பிறகு ஒவ்வொரு குழியிலும் முக்கால் அளவுக்கு வெந்நீர் ஊற்றுங்கள். கொதிக்கக் காய்ந்த கல்லில் பச்சைத் தண்ணீரை ஊற்றவே கூடாது. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காத இரும்பு. திடீரென ஒரு பக்கம் குளிர்ந்து சுருங்கினால் விரிசல் விடும். விரிசல் விட்ட கல்லை வீட்டில் சரிசெய்ய முடியாது.

வெந்நீர் ஊற்றியபின் தீயை ஏற்றி, தண்ணீர் மெதுவாகக் கொதிக்கும்படி ஐந்திலிருந்து பத்து நிமிடம் விடுங்கள். ஓரங்களில் மாவு வெளுத்து, ஊதி, தோலாகக் கிளம்பத் தொடங்கும். அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டில் மரக்கரண்டியின் முனையாலோ மூங்கில் குச்சியாலோ குழியின் வளைவை ஒட்டிச் சுற்றிச் சுரண்டுங்கள். எவர்சில்வர் ஸ்பூனின் கூர்மையான விளிம்பு குழியின் வளைவோடு பொருந்தாது. அது ஒரே இடத்தில் கோடு கோடாகக் கீறும், அந்தக் கீறல்களில்தான் அடுத்த முறை மாவு பிடிக்கும்.

முதல் முறையில் எல்லாம் வராவிட்டால் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புது வெந்நீர் ஊற்றி இன்னொரு முறை கொதிக்க விடுங்கள். இரண்டாம் முறையில் ஒரு தம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி ஆப்பச் சோடா சேர்க்கலாம். சோடாவின் காரத்தன்மை உளுந்தின் புரதத்தையும் பழைய எண்ணெய்ப் பிசுக்கையும் இளக்கும். சோடா சேர்த்த தண்ணீரை நெடுநேரம் விட வேண்டாம். பத்து நிமிடம் போதும்.

இரவு முழுக்க ஊறப்போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். மாவை ஊற வைப்பதற்கு அரைமணி நேரத்துக்கு மேல் தேவையே இல்லை. அதற்கு மேல் கிடந்தால் தண்ணீர் இரும்பைத்தான் தின்னும். புளித்த மாவு அதைவிடக் கேடு செய்யும். அது இயல்பிலேயே அமிலம் என்பதால், குழிக்குள் ஒட்டிக் காயாமல் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அடியிலிருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கரைக்கிறது. ஒட்டிய மாவைப் பெயர்த்ததும் அடியில் செந்துரு தெரிவது இதனால்தான்.

வெல்லம் பிடித்த குழி

இனிப்புப் பணியாரம் சுட்ட கல்லின் சிக்கல் வேறு. வெல்லம் சூட்டில் பாகாகி, பாகு கருகி, குழியின் சுவரில் கண்ணாடி போல இறுகிவிடும். இதைக் குச்சியால் சுரண்டினால் நல்ல படலத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். ஆனால் முழுக்கக் கருகாத வெல்லம் வெந்நீரில் கரையக்கூடியது. ஆகவே இங்கே சுரண்டலைத் தள்ளிவைத்து, கொதிநீரிலேயே வேலையை முடிக்கப் பாருங்கள். குழியை நிரப்பிக் கொதிக்கவிட்டு, தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்ததும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். தண்ணீர் நிறம் மாறாமல் தெளிவாக நிற்கும் வரை இதைச் செய்யலாம். மூன்று முறைக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். மிச்சம் இருப்பது முழுக்கக் கரியான சர்க்கரை. அது தண்ணீரில் கரையாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

தேய்ப்பதற்குக் கல்லுப்பு நல்ல பொருள். குழிக்கு அரைத் தேக்கரண்டி கல்லுப்பும் நாலைந்து சொட்டு எண்ணெயும் விட்டு, தேங்காய் நாரைச் சிறு பந்தாகச் சுருட்டி, கட்டைவிரலால் அழுத்திச் சுழற்றித் தேயுங்கள். உப்புப் பரல் கருகலை உரசி எடுக்கும், இறுகிய படலத்தைப் பெரிதாகக் காயப்படுத்தாது. எண்ணெய் இல்லாமல் தண்ணீரோடு உப்பைத் தேய்த்தால் பரல் கரைந்துபோகும், உரசல் இருக்காது. உப்பு கறுத்ததும் தட்டிவிட்டுப் புது உப்பு போடுங்கள். முடிந்ததும் ஒரு துளி உப்புகூடத் தங்காமல் கழுவ வேண்டும், உப்பும் ஈரமும் சேர்ந்தால் துரு வேகமாகப் பிடிக்கும்.

பாத்திரம் கழுவும் சோப்பு இரும்பில் படவே கூடாது என்று வீடுகளில் சொல்வதுண்டு. காரம் மிகுந்த பழைய வகைச் சோப்புகளுக்கு அது சரியான எச்சரிக்கை. இன்றைய பாத்திரத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுச் சட்டென்று கழுவினால் நன்றாக இறுகிய படலத்துக்கு ஒன்றும் ஆகாது. கெடுப்பது கம்பி நாரும் ஊறலும்தான்.

துரு கண்டால் புளி

துணியில் செம்மண் நிறம் வந்த குழிகளுக்குப் புளி போதும். நெல்லிக்காய் அளவு புளியைக் கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, சக்கையோடு அந்தக் குழியில் பூசி, பத்திலிருந்து பதினைந்து நிமிடம் விடுங்கள். புளியிலுள்ள அமிலம் துருவைக் கரைக்கும். பிறகு அதே சக்கையால் தேய்த்துக் கழுவினால் அடியில் சாம்பல் நிற இரும்பு தெரியும். அமிலம் துருவோடு நிற்காது, நல்ல படலத்தையும் கரைக்கும் என்பதால் துரு உள்ள குழிக்கு மட்டும் பூசுங்கள், நேரத்தையும் நீட்டாதீர்கள்.

சாம்பல் நிறம் தெரிந்ததும் வேகமாகச் செயல்பட வேண்டும். படலம் இல்லாத இரும்பில் ஈரம் நின்றால் சில நிமிடங்களிலேயே மறுபடி ஆரஞ்சு நிறம் ஏறத் தொடங்கும். கழுவிய கையோடு துணியால் துடைத்து, அடுப்பில் ஏற்றி, சிறு தீயில் ஐந்து நிமிடம் காய வையுங்கள். குழிகளுக்கு நடுவிலுள்ள இடுக்குகளிலும் கைப்பிடி சேரும் இடத்திலும் ஈரம் ஒளிந்திருக்கும். உள்ளங்கையைச் சற்று மேலே பிடித்துப் பாருங்கள். ஆவி படுவது நின்றால்தான் கல் காய்ந்தது.

வடிகஞ்சியில் ஊறவைக்கும் வழக்கம் பற்றிப் பலர் கேட்பார்கள். அது புதுக் கல்லுக்கு உரியது. ஊறிப் புளித்த கஞ்சியின் லேசான அமிலம், வார்ப்படத்திலிருந்து வந்த கல்லின் மேலிருக்கும் துருவையும் அழுக்கையும் தளர்த்தும். கஞ்சி மட்டுமே கல்லைப் பழக்கிவிடாது. பழக்குவது எண்ணெயும் சூடும்தான். ஏற்கெனவே பழகிய கல்லைக் கஞ்சியில் நாள்கணக்கில் போட்டால் இருக்கும் படலமும் போய்விடும்.

எண்ணெய் தடவுவதைவிடத் துடைப்பது முக்கியம்

எந்த எண்ணெய் என்பதற்கு விடை எளிது. எந்த எண்ணெய் சூட்டில் இறுகுமோ அது. நல்லெண்ணெயில் சுமார் 40 சதவீதம் லினோலிக் அமிலம் இருக்கிறது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைவதற்கு அதுதான் உதவுகிறது. கடலை எண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் அது போதிய அளவு உண்டு. தேங்காய் எண்ணெயில் அது 2 சதவீத அளவுதான். அதனால் தேங்காய் எண்ணெய் கல்லை அப்போதைக்கு மினுமினுப்பாக்கும், துருவிலிருந்தும் காக்கும்; ஆனால் கெட்டிப் படலமாக இறுகாது. பணியாரம் சுட அது நல்ல எண்ணெய், பழக்குவதற்கு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ எடுங்கள்.

கல் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது குழிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். பருத்தித் துணியால் குழியின் உள்ளே, விளிம்பில், குழிகளுக்கு நடுவிலுள்ள மேட்டில், கல்லின் அடிப்பக்கத்தில் எல்லாம் தடவுங்கள். தடவி முடித்ததும் சுத்தமான இன்னொரு துணியை எடுத்து, அந்த எண்ணெயைத் தவறிப் பூசிவிட்டது போல நினைத்து முழுக்கத் துடைத்தெடுங்கள். கண்ணுக்கு எண்ணெயே இல்லை என்று தோன்ற வேண்டும். அதற்குப் பின்னும் குழியில் ஒரு மெல்லிய பூச்சு தங்கியிருக்கும். பழக்குவதற்குத் தேவை அவ்வளவுதான்.

இப்போது நடுத்தரத் தீயில் வையுங்கள். சன்னலைத் திறந்துவிடுங்கள், புகை வரும். நாலைந்து நிமிடத்தில் கல் சூடேறியதும் குழிகளின் அடியில் எண்ணெய் திரும்பவும் சிறு சொட்டாகத் திரள்வதைக் காணலாம். சூட்டில் எண்ணெய் இளகி வழிந்து இறங்குவதால் அப்படி ஆகிறது. தோசைக்கல்லில் இந்தக் கட்டமே கிடையாது. இங்கேதான் இரண்டாவது துடைப்பு தேவைப்படுகிறது. துணியை இடுக்கியில் பிடித்து ஒவ்வொரு குழியின் அடியையும் ஒற்றி எடுங்கள். இதை விட்டுவிட்டால் குழியின் அடியில் பிசுபிசுப்பான பழுப்பு வட்டம் உண்டாகும், அடுத்த பணியாரம் அங்கேதான் பிடிக்கும்.

ஒற்றியெடுத்ததும் மெல்லிய புகை எழும்பும் வரை சூடாக்கி, அந்த நிலையில் பத்து நிமிடம் வைத்துவிட்டு அணையுங்கள். கல் தானாக ஆற வேண்டும். இது ஒரு பூச்சு. ஓரளவு படலம் மிஞ்சியிருக்கும் கல்லுக்கு இரண்டு மூன்று பூச்சு போதும். சாம்பல் நிற இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்த்த குழிக்கு நான்கைந்து பூச்சு வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. சமையல் முடிந்தபின் நாளுக்கு ஒரு பூச்சு போட்டாலும் பலன் ஒன்றுதான்.

வீட்டில் பெரிய ஓவன் இருந்து, கல்லுக்கு மரக் கைப்பிடியோ பிளாஸ்டிக் பிடியோ இல்லையென்றால், வேலை இன்னும் சுலபம். துடைத்த கல்லைக் கவிழ்த்து வைத்து 230 டிகிரி செல்சியசில் ஒரு மணி நேரம் விட்டு, ஓவனுக்குள்ளேயே ஆறவிடலாம். கவிழ்த்திருப்பதால் எண்ணெய் குழியில் தேங்காது, எல்லாப் பக்கமும் ஒரே சூடு கிடைக்கும்.

கேஸ் அடுப்பில் அந்த ஒரே சூடு கிடைப்பதில்லை. இரும்பு சூட்டை மெதுவாகத்தான் பரப்பும்; அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அதன் திறன் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. ஏழு குழிக் கல்லில் நடுவில் ஒன்றும் சுற்றி ஆறும் இருக்கும். சிறிய பர்னரில் வைத்தால் நடுக்குழி புகையும்போது ஓரக் குழிகள் இன்னும் மந்தமாகவே இருக்கும். பெரிய பர்னரில் வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கல்லை ஒரு பக்கமாக நகர்த்தி, சற்றுத் திருப்பிவிட்டால் ஓரக் குழிகளும் புகையும் நிலைக்கு வரும்.

ஒரு கல்லின் கதை

எங்கள் தெருவில் ஓர் அக்கா வீட்டிலிருந்த ஏழு குழிக் கல்லை எடுத்துக்கொள்வோம். மாலையில் வெல்லப் பணியாரம் சுட்டு, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறிய கல். நடுக்குழியில் கருகிய வெல்லம் தடித்திருந்தது. ஓரத்தில் நான்கு குழிகளில் வெளுத்த மாவுத் தோல். மிச்ச இரண்டு குழிகளும் நன்றாக இருந்தன. நடுக்குழி அதிகச் சூட்டில் கருகியது, ஓரக்குழி போதாத சூட்டில் ஒட்டியது. ஒரே கல்லில் இரண்டு நோய், இரண்டுக்கும் காரணம் சிறிய பர்னர்.

“அக்கா, கம்பி நாரை எடுத்து வெச்சிடுங்க, தண்ணியைக் கொதிக்க வைங்க” என்று தொடங்கினோம். ஓரக் குழிகளின் மாவுத் தோல் ஒரே கொதியில் மூங்கில் குச்சிக்குப் பெயர்ந்து வந்தது. அவற்றில் இரண்டில் அடியில் செந்துரு இருந்தது. அந்த இரண்டுக்கு மட்டும் புளிக்கரைசல் பூசினோம். நடுக்குழிக்கு மூன்று முறை கொதிநீர் மாற்றிய பிறகும் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கரி நின்றது. கல்லுப்பும் எண்ணெயும் போட்டு நாரால் தேய்த்ததில் அது போனது. நன்றாக இருந்த இரண்டு குழிகளை வெறுமனே கழுவித் துடைத்தோம். புளி பூசிய இரண்டும் நடுக்குழியும் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. கல்லை உடனே காயவைத்து, பெரிய பர்னரில் முதல் பூச்சைப் போட்டோம். முதல் பூச்சில் அந்த மூன்று குழிகளும் வெண்கல நிறத்துக்கு வந்தன, பிறகு பழுப்பு, அதன்பின் கறுப்பு. அடுத்தடுத்த நாள்களில் மிச்சப் பூச்சுகளை அக்காவே போட்டு முடித்தார்.

இந்த நிறமாற்றம் நம்பத்தகுந்த அளவுகோல். வெண்கலமும் பழுப்பும் படலம் உருவாகத் தொடங்கியதைக் காட்டும். திட்டுத் திட்டாக நிறம் வேறுபட்டால் கவலை வேண்டாம், சுடச்சுட ஒன்றாகிவிடும். தொட்டால் பிசுபிசுத்தால் மட்டும் அந்தக் குழியில் எண்ணெய் அதிகம். அதன் மேல் இன்னொரு பூச்சு போடாமல், எண்ணெயே விடாமல் புகை நிற்கும் வரை சூடாக்குங்கள். அதிலும் இறுகாவிட்டால் சோடாத் தண்ணீரில் கொதிக்கவிட்டுத் தேய்த்து, அந்தக் குழியை மட்டும் புதிதாகத் தொடங்குங்கள். பணியாரத்தின் அடியில் கறுப்புச் செதில் ஒட்டி வந்தால் தடிமனாகப் போட்ட பூச்சு உரிகிறது என்று பொருள். உரிவதை நாரால் தேய்த்து எடுத்துவிட்டு மெல்லிய பூச்சாகப் போடுங்கள்.

முதல் ஈடு

மறுபடி பழக்கிய கல்லில் முதலில் வெல்ல மாவை ஊற்றாதீர்கள். புதுப் படலம் இன்னும் மெல்லியது. சர்க்கரை அதைப் பிடித்து இழுக்கும். முதல் நாலைந்து முறை காரப் பணியாரம் சுடுங்கள். சின்ன வெங்காயம் வதக்கிப் போட்ட மாவு, கொஞ்சம் தாராளமாக எண்ணெய். குழிக்கு அரைத் தேக்கரண்டி விடலாம். கல் பழகப் பழகக் கால் தேக்கரண்டியே போதுமானதாகிவிடும்.

மாவு ஊற்றும் முன் ஒரு சொட்டுத் தண்ணீரைக் குழியில் விடுங்கள். அது அப்படியே கிடந்து மெதுவாக ஆவியானால் சூடு போதாது. சுரீரென்று குமிழிட்டு உடனே காய்ந்தால் சரியான சூடு. எண்ணெய் புகைந்தால் சூடு அதிகம், தீயைக் குறைத்துச் சற்றுப் பொறுங்கள். சூடு ஏறாத குழியில் ஊற்றிய மாவு, மேலோடு கட்டுவதற்கு முன்பே இரும்பின் நுண்ணிய குழிவுகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நன்றாகப் பழகிய கல்லாக இருந்தாலும் இதற்கு விலக்கு இல்லை.

திருப்புவதிலும் அவசரம் ஆகாது. ஓரம் சிவந்து, குழியின் சுவரிலிருந்து பணியாரம் தானே ஒரு மயிரிழை விலகும் வரை காத்திருங்கள். அப்போது குச்சியைப் பக்கவாட்டில் விட்டால் பணியாரம் சுழன்று கொடுக்கும். சுழலவில்லை என்றால் அடி இன்னும் வேகவில்லை. நெம்பினால் கிழியும், கிழிந்த அடி குழியில் தங்கும், அது கருகும். கல் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஒரு நெம்பலில் தொடங்குகிறது.

சுட்டு முடித்தபின் கல் சூடாக இருக்கும்போதே காய்ந்த துணியால் துடைத்தால் போதும். மாவு ஒட்டியிருந்தால் வெந்நீர் ஊற்றிக் குச்சியால் எடுத்து, அடுப்பில் காயவைத்து, குழிக்கு ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்து வையுங்கள். மூடி போட்டு வைக்காதீர்கள், உள்ளே ஈரம் தங்கும். மேலே வேறு பாத்திரம் அடுக்கினால் நடுவில் ஒரு காகிதமோ துணியோ போடுங்கள். மாதக்கணக்கில் எடுக்காத கல்லில் பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். அதை வெந்நீரில் கழுவிக் காயவைத்துவிட்டு, எடுக்கும் நாளில் புது எண்ணெய் தடவுங்கள்.

பரணில் துருப்பிடித்துக் கிடக்கும் பணியாரக்கல் உங்கள் வீட்டிலும் இருந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன் இறக்கிப் பாருங்கள். குழிகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து விரிசல் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். விரிசல் இல்லாவிட்டால் அந்தக் கல் பிழைக்கும். கொஞ்சம் புளி, ஒரு பிடி கல்லுப்பு, சில தேக்கரண்டி நல்லெண்ணெய், துடைக்க ஒரு பழைய பருத்தித் துணி, இவ்வளவும் ஏற்கெனவே உங்கள் அடுக்களையில் இருக்கின்றன.